ஸ்லைசர் எத்தனை, டிஃபால்ட் எது, ரீசெட் எப்படி: பவர் பிஐ ரிப்போர்ட்டுக்கான ஓர் ஒப்பீடு

பவர் பிஐயில் நான் செய்து கொடுத்த ஒரு விற்பனை ரிப்போர்ட்டில் இடது ஓரம் முழுக்க ஸ்லைசர்கள்தான். மொத்தம் 11. ஆண்டு, காலாண்டு, மாதம், தேதி வரம்பு, மண்டலம், கிளை, பொருள் வகை, பொருள், விற்பனையாளர், வாடிக்கையாளர் வகை, ஆர்டர் நிலை. எதையும் நானாகச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் "இதையும் வைத்து பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும்" என்றார்கள், நானும் சரி என்று வைத்துக்கொண்டே போனேன்.

ஒரு நாள் மேலாளர் ஒருவர் கூப்பிட்டு, இந்த மாதம் விற்பனை பாதியாக விழுந்துவிட்டதே, என்ன ஆயிற்று என்று பதற்றத்தோடு கேட்டார். போய் அவர் திரையைப் பார்த்தேன். விற்பனை எங்கேயும் விழவில்லை. கடைசி ஸ்லைசரான ஆர்டர் நிலையில் "டெலிவரி ஆனது" மட்டும் தேர்வாகி இருந்தது. முந்தைய வாரம் வேறு ஏதோ பார்ப்பதற்காக அவரே அதைத் தொட்டிருக்கிறார். பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்தபோதும் அந்தத் தேர்வு அப்படியே இருந்திருக்கிறது. ஸ்லைசர் டிராப்டவுன் வடிவில், மற்ற பத்துக்கும் அடியில் இருந்ததால் அவர் கண்ணில் படவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினேன். அப்போது எதிரே இருந்த வழிகளையும், எதை எதற்காக எடுத்தேன், எதை விட்டேன் என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்லைசரைக் குறைப்பது, டிஃபால்ட் தேர்வு வைப்பது, ரீசெட் பட்டன் வைப்பது ஆகிய மூன்றையும் தனித்தனி வேலைகளாகத்தான் பலரும் செய்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஆனால் டிஃபால்ட் என்ன என்று தீர்மானிக்காமல் ரீசெட் பட்டன் வைத்தால், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதை வைத்தவருக்கே தெரியாது.

முதல் கேள்வி: பக்கத்தில் எவை இருக்கலாம்

ஸ்லைசர் அதிகமானால் இடம் போகிறது என்பது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, ஸ்லைசர்கள் ஒன்றை ஒன்று வடிகட்டும் என்பது. என் ரிப்போர்ட்டில் ஒருவர் மாத ஸ்லைசரில் 2024 மார்ச்சைத் தேர்ந்தெடுத்தார். அந்த நொடியே ஆண்டு ஸ்லைசரில் 2024 மட்டும் மிஞ்சியது, மற்ற ஆண்டுகள் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன. அடுத்து அவர் 2025ஐப் பார்க்கப் போனார். ஆண்டுப் பட்டியலில் 2025 இல்லை. தரவு இன்னும் ஏறவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து மூடிவிட்டார். மாதத்தை எடுத்துவிட்டுத்தான் ஆண்டை மாற்ற வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? காலத்துக்கென்று நான்கு ஸ்லைசர்களை வைத்த என் தவறு அது.

இன்னொன்று வேகம். ஸ்லைசரும் ஒரு விஷுவல்தான். பட்டியலாக விரிந்து நிற்கும் ஒவ்வொரு ஸ்லைசரும் தன் மதிப்புகளைக் கொண்டுவர மாடலிடம் ஒரு கேள்வி அனுப்புகிறது. ஒன்றைச் சொடுக்கினால் விளக்கப்படங்களோடு சேர்ந்து மற்ற ஸ்லைசர்களும் மறுபடி கேட்கின்றன. `Performance analyzer` பலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொடுக்குக்கு எத்தனை வரிகள் ஓடுகின்றன என்று பார்த்தால் நேராகப் புரிந்துவிடும்.

சரி, எங்கே வைப்பது? நான்கு வழிகளைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பக்கத்திலேயே விட்டுவிட்டு டிராப்டவுனாக மாற்றுவது முதல் வழி. செலவில்லாத வேலை, ஆனால் குழப்பம் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் கூடுகிறது, ஏனென்றால் டிராப்டவுனில் எது தேர்வாகி இருக்கிறது என்பது பட்டியலில் தெரிவதைவிடக் குறைவாகத்தான் கண்ணில் படும். மேலாளர் மாட்டிக்கொண்டதே அதனால்தான்.

இரண்டாவது, பட்டனைச் சொடுக்கினால் பக்கவாட்டிலிருந்து திறக்கும் அலமாரி போன்ற ஒரு பலகை. பார்க்க அழகாக இருக்கும். திறந்த நிலைக்கு ஒன்று, மூடிய நிலைக்கு ஒன்று என்று இரண்டு புக்மார்க்குகளால் இதைச் செய்வார்கள். இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. புக்மார்க் எடுக்கும்போது `Data` என்ற தேர்வு தானாகவே டிக் ஆகி இருக்கும். அதை எடுக்காமல் விட்டால், அந்த நேரத்தில் ஸ்லைசர்களில் இருந்த தேர்வுகளும் புக்மார்க்கில் சேர்ந்துவிடும். பார்வையாளர் பலகையைத் திறந்து மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, "மூடு" என்று அழுத்துவார். பலகையும் மூடும், அவர் தேர்வும் போய்விடும். ரிப்போர்ட் தானாக மாறுகிறது என்று யாராவது புகார் சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள். திறக்க, மூட மட்டும் பயன்படும் புக்மார்க்கில் `Display` மட்டும் இருக்க வேண்டும், `Data` இருக்கவே கூடாது.

இதைச் சரியாகச் செய்தாலும், மூடிய பலகைக்குள் எந்த ஃபில்டர் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதனால் பலகை வழியை எடுப்பவர்கள், நடப்பில் உள்ள தேர்வை எழுத்தில் காட்டும் ஒரு கார்டையும் கட்டாயம் வைக்க வேண்டும். அதற்கு இப்படி ஒரு மெஷர் போதும்:

```
Filter Note =
"மண்டலம்: "
    & IF (
        ISFILTERED ( Region[Region] ),
        CONCATENATEX ( VALUES ( Region[Region] ), Region[Region], ", " ),
        "அனைத்தும்"
    )
```

மூன்றாவது வழி, வலப்பக்கம் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டர் பேன். எப்போதாவது தேவைப்படுகிற ஃபில்டர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்தில் இடம் பிடிக்காது. எந்த ஃபில்டரைப் பார்வையாளர் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று தனித்தனியாக நாம் முடிவு செய்யலாம். பூட்டுப் படத்தைச் சொடுக்கினால் பார்க்க முடியும், மாற்ற முடியாது. இதன் குறை, பலருக்கு இப்படி ஒரு பேன் இருப்பதே தெரியாது. தினமும் தொடும் ஃபில்டரை அங்கே ஒளித்து வைத்தால் "ரிப்போர்ட்டில் மண்டலம் பார்க்க முடியவில்லை" என்று மின்னஞ்சல் வரும்.

நான்காவது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் புலங்களை ஒரே ஸ்லைசரில் அடுக்குவது. மண்டலத்தையும் கிளையையும் ஒரே ஸ்லைசரின் `Field` பெட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால், மண்டலத்தை விரித்து அதற்குள் கிளையைத் தேர்வு செய்யும் ஒரு மரம் கிடைக்கும். இரண்டு ஸ்லைசர் ஒன்றாகிவிடுகிறது. கூடவே, ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேறு மண்டலத்தின் கிளையைத் தேடும் தவிப்பும் போகிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய நான் செய்தது ரொம்ப எளிய வேலை: பார்வையாளர்கள் ஐந்து பேரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வழக்கமாகப் பார்க்கிற மாதிரியே பார்க்கச் சொல்லி, எந்த ஸ்லைசரைத் தொடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். பவர் பிஐயின் பயன்பாட்டு அறிக்கையில் எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பது வரும், எந்த ஸ்லைசர் தொடப்பட்டது என்பது வராது. அதனால் நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஐந்து பேரும் மாதத்தைத் தொட்டார்கள். நான்கு பேர் மண்டலம் அல்லது கிளை. மூன்று பேர் பொருள் வகை. காலாண்டை ஒருவரும் தொடவில்லை. அதைக் கேட்டு வாங்கியவரும் அந்த ஐவரில் ஒருவர்.

கடைசியில் பக்கத்தில் மூன்றுதான் நின்றன: மாதம், மண்டலம்-கிளை மரம், பொருள் வகை. ஆண்டும் காலாண்டும் போயின, ஏனென்றால் மாதப் பட்டியலிலேயே ஆண்டு இருக்கிறது. தேதி வரம்பு, ஆர்டர்களை வரிவரியாகக் காட்டும் விவரப் பக்கத்துக்குப் போனது. அங்கேதான் ஒருவர் 12ஆம் தேதியிலிருந்து 18ஆம் தேதிவரை பார்க்க வேண்டியிருக்கும். தனிப் பொருளையும் அந்தப் பக்கத்துக்கே தள்ளினேன். விற்பனையாளரும் வாடிக்கையாளர் வகையும் ஃபில்டர் பேனுக்குப் போயின.

ஆர்டர் நிலை மட்டும் யோசிக்க வைத்தது. பார்வையாளர்களிடம் கேட்டபோது, ரத்தான ஆர்டர் கணக்கில் வராமல் இருந்தால் போதும் என்றார்கள். அதாவது அது யாரும் தேர்வு செய்ய வேண்டிய விஷயமே இல்லை, ரிப்போர்ட்டின் வரையறை. அதனால் ரத்தானவற்றை நீக்கும் ஃபில்டரைப் பக்க அளவில் போட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது எது நீக்கப்பட்டிருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம், யாரும் தவறுதலாக மாற்ற முடியாது. என் அனுபவத்தில், கூட்டங்களில் கேட்டுச் சேர்த்த ஸ்லைசர்களில் சில இப்படி ஸ்லைசராகவே இருந்திருக்கக் கூடாதவை.

ஸ்லைசரை மற்ற பக்கங்களோடு இணைக்கும் `Sync slicers` பலகத்தைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் இணைப்பை மட்டும் டிக் செய்து, தெரிவதற்கான கண் படத்தின் டிக்கை விட்டுவிட்டால், அந்தப் பக்கத்தில் ஸ்லைசர் தெரியாது, ஆனால் வடிகட்டும். இடம் மிச்சம் என்று இதைச் செய்கிறார்கள். மேலே சொன்ன எழுத்துக் கார்டு அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: திறந்ததும் எது தெரிய வேண்டும்

எதையும் தேர்வு செய்யாமல் விட்டால் எல்லாம் சேர்ந்து தெரியும். மண்டலத்துக்கும் பொருள் வகைக்கும் இது சரியான டிஃபால்ட். எல்லா மண்டலங்களின் விற்பனையையும் கூட்டினால் நிறுவனத்தின் விற்பனை வருகிறது, அந்த எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கிறது.

காலத்துக்கு அப்படி இல்லை. என் மாடலில் ஆறு ஆண்டுத் தரவு. மாதம் தேர்வாகாவிட்டால் 72 மாத விற்பனையின் கூட்டுத்தொகை பெரிதாக ஒரு கார்டில் நிற்கும். அந்த எண்ணை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை. கையிருப்பு போன்ற அளவுகளில் இது வெறும் பயனற்ற எண்ணாக நிற்காது, தவறான எண்ணாகவே மாறும். மாத இறுதிக் கையிருப்பு ஜனவரியில் 500, பிப்ரவரியில் 480, மார்ச்சில் 510 என்றால், மெஷரைக் கவனித்து எழுதாத ரிப்போர்ட் 1490 என்று காட்டும். அப்படி ஒரு சரக்கு எந்த நாளிலும் கிடங்கில் இருந்ததில்லை. அதனால் கால ஸ்லைசருக்கு ஒரு மாதம் தேர்வாகியே இருக்க வேண்டும். எந்த மாதம் என்பதுதான் சிக்கல்.

மிகச் சுலபமான வழி, நடப்பு மாதத்தைத் தேர்வு செய்துவிட்டு வெளியிடுவது. பவர் பிஐ அந்த மதிப்பை அப்படியே சேமித்துக்கொள்ளும். மார்ச்சில் வெளியிட்டால் ஏப்ரலிலும் மார்ச், மே மாதத்திலும் மார்ச். மாதாமாதம் நீங்களே திறந்து மாற்றி மறுபடி வெளியிடுவீர்கள் என்றால் சரி. நான் இரண்டு மாதம் செய்தேன், மூன்றாவது மாதம் மறந்தேன்.

அடுத்தது, தேதிப் புலத்தின் ஸ்லைசரை `Relative date` வடிவுக்கு மாற்றி, "இந்த மாதம்" என்று வைப்பது. தானாக நகரும், நாள்தோறும் தரவு ஏறும் ரிப்போர்ட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது கணக்கிடுவது இன்றைய தேதியிலிருந்து, தரவின் கடைசித் தேதியிலிருந்து இல்லை. என் தரவு முந்தைய நாள்வரைதான் ஏறும். அதனால் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி காலையில் ரிப்போர்ட் முழுக்க வெறுமையாக இருந்தது. மாதக் கணக்கை முடிக்க எல்லோரும் திறக்கும் நாளும் அதுதான். இன்னொரு விஷயம், இணையத்தில் ஓடும்போது இன்று என்பது உலகப் பொது நேரப்படி கணக்காகிறது. நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து நாளின் சில மணி நேரம் தேதி ஒன்று பிசகும்.

மூன்றாவது வழிதான் நான் எடுத்தது. கேலண்டர் டேபிளில், தரவில் கடைசியாக இருக்கும் மாதத்துக்கு மட்டும் நிலையான ஒரு பெயரைக் கொடுக்கும் கணக்கிட்ட நெடுவரிசை:

```
Month Label =
IF (
    EOMONTH ( 'Date'[Date], 0 ) = EOMONTH ( MAX ( Sales[Order Date] ), 0 ),
    "சமீபத்திய மாதம்",
    FORMAT ( 'Date'[Date], "yyyy-MM" )
)
```

இதை ஸ்லைசரில் போட்டு "சமீபத்திய மாதம்" என்பதைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டேன். பவர் பிஐ சேமிப்பது அந்த எழுத்தை மட்டும்தான். ஒவ்வொரு முறை தரவு ரெஃப்ரெஷ் ஆகும்போதும் நெடுவரிசை புதிதாகக் கணக்கிடப்பட்டு, அந்தப் பெயர் அடுத்த மாதத்துக்கு நகர்ந்துவிடுகிறது. தேர்வு மாறவில்லை, அது சுட்டும் மாதம் மாறிவிட்டது. இன்றைய தேதி எங்கேயும் வராததால் 1ஆம் தேதி வெறுமையும் இல்லை, நேர வித்தியாசமும் இல்லை.

இதற்கும் சில சில்லறை வேலைகள் உண்டு. அகர வரிசையில் விட்டால் இந்தப் பெயர் தன் இடத்தில் நிற்காது. அதனால் ஆண்டை 100ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்டிய எண் நெடுவரிசை ஒன்றைச் செய்து, `Sort by column` மூலம் அதன்படி வரிசைப்படுத்தினேன். ஸ்லைசரை இறங்குவரிசையில் வைத்தால் சமீபத்திய மாதம் மேலே வரும். வரும் என்றுதான் நினைத்தேன். கேலண்டர் டேபிள் டிசம்பர்வரை போவதால், இன்னும் வராத மாதங்கள் அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த ஸ்லைசருக்கு மட்டும் விற்பனை மெஷரை ஃபில்டராகப் போட்டு, வெறுமையாக இல்லாதவை என்று வைத்ததும் சரியாகிவிட்டது.

இந்த வழியின் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. பட்டியலில் நடப்பு மாதத்தின் பெயர் காணாமல் போகிறது. தரவின் கடைசி மாதம் 2025 மார்ச் என்றால் "2025-03" என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. பக்கத் தலைப்பில் மாதத்தின் பெயரைக் காட்டும் மெஷரைப் போட்டு ஓரளவு ஈடுகட்டினேன். தவறான தேதியோடு ஒரே ஒரு ஆர்டர் ஏறினாலும் இது பிசகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டுத் தேதியில் யாராவது ஒரு ஆர்டரைப் பதிந்துவிட்டால் "சமீபத்திய மாதம்" அங்கே ஓடிவிடும், கார்டில் ஒரே ஒரு ஆர்டரின் தொகை நிற்கும். தரவைச் சுத்தம் செய்யும் இடத்திலேயே எதிர்காலத் தேதிகளைத் தடுத்துவிடுவது நல்லது.

மாத ஸ்லைசரை ஒற்றைத் தேர்வாகவும் மாற்றினேன். இப்போது ஏதாவது ஒரு மாதம் எப்போதும் தேர்வாகியே இருக்கும், 72 மாதக் கூட்டுத்தொகை தோன்ற வழியே இல்லை. பல மாதங்களைச் சேர்த்துப் பார்க்க விரும்பியவர்கள் முணுமுணுத்தார்கள். மாதவாரியாகப் போக்கைக் காட்டும் கோட்டு வரைபடத்தை வேறு பக்கத்தில் வைத்ததும் அந்தக் கோரிக்கை நின்றுவிட்டது.

மூன்றாவது கேள்வி: எங்கே திரும்புவது

மேலாளரின் கதையில் எனக்கு உறைத்த விஷயம், நான் வைத்த டிஃபால்ட்டை அவர் முதல் முறை திறந்தபோது மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்பது. இணையத்தில் ரிப்போர்ட் பார்ப்பவர் ஸ்லைசரில் கடைசியாக விட்டுச்சென்ற தேர்வைப் பவர் பிஐ அவருக்காக நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை திறக்கும்போது அதைத்தான் காட்டும். ரீசெட் பட்டன் தேவைப்படுவதே இதனால்தான்.

அந்த நினைவையே நிறுத்திவிடவும் வழி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் `Options` திறந்து, நடப்புக் கோப்பின் `Report settings` பகுதியில் `Persistent filters` என்பதன்கீழ் உள்ள பெட்டியை டிக் செய்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் உங்கள் டிஃபால்ட்டில்தான் திறக்கும். மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் உயர் நிர்வாக ரிப்போர்ட்டுக்கு இதைச் செய்யத் தயங்க மாட்டேன். ஆனால் தன் கிளையை மட்டும் தினமும் பார்க்கும் ஒருவரை ஒவ்வொரு காலையும் மரத்தை விரித்துத் தேட வைப்பது அநியாயம். என் ரிப்போர்ட்டில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர், அதனால் நினைவை அப்படியே விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தவை மூன்று. முதலாவது, ரிப்போர்ட்டுக்கு மேலே உள்ள பட்டையில் பவர் பிஐயே தரும் `Reset`. நீங்கள் வெளியிட்ட நிலைக்கு எல்லாவற்றையும் திருப்பிவிடும். நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை, வேலையும் சரியாகவே செய்கிறது. ஆனால் அது ரிப்போர்ட் பக்கத்துக்கு வெளியே இருக்கிறது. வேறொரு தளத்துக்குள் ரிப்போர்ட்டைப் பதித்துக் கொடுத்தால் அந்தப் பட்டையே தெரியாமலும் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அது எதற்கு என்று தெரியவில்லை.

இரண்டாவது, `Insert` பட்டியலில் பட்டன்களுக்குள் இருக்கும் `Clear all slicers`. இழுத்துப் போட்டால் போதும் என்பதால் பலரும் இதையே ரீசெட் பட்டனாக வைத்துவிடுகிறார்கள். பெயரைக் கவனியுங்கள்: அது துடைக்கும், டிஃபால்ட்டுக்குத் திருப்பாது. பல தேர்வு அனுமதிக்கும் மாத ஸ்லைசர் இருக்கும் பக்கத்தில் இதை அழுத்தினால், முன்னே சொன்ன 72 மாதக் கூட்டுத்தொகைதான் வந்து நிற்கும். குழம்பிப்போனவர் உதவிக்காக அழுத்தும் பட்டன், அவரை இன்னும் பெரிய குழப்பத்தில் விட்டுவிடும். ஃபில்டர் பேனில் இருப்பவற்றையும் அது தொடாது. இந்தப் பட்டன் தன் இடத்தில் நன்றாகவே வேலை செய்யும்: ஆர்டர் எண்ணையோ வாடிக்கையாளரையோ தேடும் விவரப் பக்கத்தில், எதுவும் தேர்வாகாத நிலைதான் இயல்பான தொடக்கம். அங்கே நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, டிஃபால்ட் நிலையைப் புக்மார்க்காக எடுத்து ஒரு பட்டனில் கட்டுவது. முதன்மைப் பக்கத்துக்கு இதுதான் என் தேர்வு. செய்முறை இது. மூன்று ஸ்லைசர்களையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்: மாதத்தில் "சமீபத்திய மாதம்", மற்ற இரண்டும் காலி. `Selection` பலகத்தில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மூன்று ஸ்லைசர்களையும் தேர்ந்தெடுங்கள். `Bookmarks` பலகத்தில் புதிய புக்மார்க் சேர்த்து, "ரீசெட்" போல ஒரு பெயர் வையுங்கள். அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் திறந்து `Data` மட்டும் டிக்கில் விட்டு, `Display`, `Current page` இரண்டையும் எடுத்துவிடுங்கள். `All visuals` என்பதை `Selected visuals` என்று மாற்றி, `Update` கொடுங்கள். பிறகு `Insert`, `Buttons`, `Reset` என்று போய்ப் பட்டனை வைத்து, அதன் `Action` பகுதியில் இந்தப் புக்மார்க்கைக் காட்டுங்கள். டெஸ்க்டாப்பில் சோதிக்கக் கன்ட்ரோலை அழுத்தியபடி சொடுக்க வேண்டும்.

`Selected visuals` எதற்கு என்றால், புக்மார்க் ஃபில்டரை மட்டும் நினைவில் வைப்பதில்லை. அட்டவணையின் வரிசை, வரைபடத்தில் எந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருக்கிறோம் என்பதையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். ஒருவர் அட்டவணையைத் தொகைப்படி வரிசைப்படுத்திவிட்டு, மண்டலத்தை மட்டும் பழையபடி ஆக்க ரீசெட் அழுத்தினால், அவருடைய வரிசையும் கலையும். ஸ்லைசர்களோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: பிறகு நான்காவது ஸ்லைசர் ஒன்றைச் சேர்த்தால், நான்கையும் தேர்ந்தெடுத்துப் புக்மார்க்கைப் புதுப்பிக்கும்வரை ரீசெட் பட்டன் அதைக் கண்டுகொள்ளாது.

டிஃபால்ட்டும் ரீசெட்டும் ஒரே முடிவு என்று நான் சொன்னது இங்கேதான் தெரியும். புக்மார்க்கும் ஸ்லைசரைப் போலத் தேர்வின் மதிப்பைத்தான் சேமிக்கிறது. "2025-03" என்று தேர்வு செய்து புக்மார்க் எடுத்தால், செப்டம்பரிலும் ரீசெட் பட்டன் பார்வையாளரை மார்ச்சுக்கே இழுத்துப் போகும். அதுவும் தான் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அவர் மார்ச் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். நகராத டிஃபால்ட் மேல் கட்டிய ரீசெட், பட்டனே இல்லாமல் இருப்பதைவிட மோசம். "சமீபத்திய மாதம்" என்ற எழுத்து புக்மார்க்கில் இருந்தால் அது தரவோடு சேர்ந்து நகரும். நெடுவரிசை வழியை நான் எடுத்ததற்கு இதுவே முதல் காரணம். மாதங்களைப் பட்டியலாகக் காட்டத் தேவையில்லாத ரிப்போர்ட் என்றால் `Relative date` ஸ்லைசரும் இந்த விஷயத்தில் ஒத்துழைக்கும்.

பட்டனில் வெறும் சுழல் அம்பு மட்டும் வைத்திருந்தேன். அதைப் பக்கத்தைப் புதுப்பிக்கும் பட்டன் என்று இரண்டு பேர் நினைத்தார்கள். இப்போது "சமீபத்திய மாதம், எல்லா மண்டலமும்" என்று எழுத்திலேயே போட்டிருக்கிறேன். அழுத்தினால் எங்கே போவோம் என்பது அழுத்தும் முன்பே தெரிகிறது.

வெளியிட்ட பிறகு, பார்வையாளர் உரிமை மட்டும் உள்ள ஒரு கணக்கில் நுழைந்து சோதிக்க வேண்டும், உங்கள் கணக்கில் பார்த்தால் போதாது. முதன்மைக் கார்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்லைசர்களையும், ஃபில்டர் பேனில் விற்பனையாளரையும் மாற்றுங்கள். உலாவியை மூடித் திறங்கள். தேர்வுகள் அப்படியே இருக்கும். இப்போது உங்கள் பட்டனை அழுத்துங்கள். எண் முதலில் குறித்ததற்குத் திரும்பாவிட்டால், பேனில் உள்ள ஏதோ ஒன்றைப் பட்டன் தொடவில்லை என்று பொருள். அதை ஸ்லைசராகப் பக்கத்துக்குக் கொண்டுவருவதா, பூட்டுவதா என்று அப்போது முடிவு செய்யலாம். அதே சோதனையை அடுத்த மாதத்தின் முதல் ரெஃப்ரெஷ் முடிந்ததும் இன்னொரு முறை செய்யுங்கள். தலைப்பில் மாதத்தின் பெயர் நகர்ந்திருக்க வேண்டும், மாதப் பட்டியலில் முந்தைய மாதம் தன் சொந்தப் பெயரோடு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.